தணிக்கையில் எந்தச் சான்றை எவ்வளவு நம்பலாம்? வெளி ஆவணம், உள் பதிவேடு, வாய்மொழி விளக்கம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளியிலிருந்து வரும் ஆவணம், நிறுவனத்தின் சொந்தப் பதிவேடு, நிர்வாகம் வாயால் சொல்லும் விளக்கம். இந்த மூன்றையும் எந்த வரிசையில் வைக்க வேண்டும்?

பொதுவான வரிசை நீங்கள் எழுதியிருப்பதேதான். நிறுவனத்துக்குச் சம்பந்தமில்லாத வெளியாரிடமிருந்து வருவது முதலில், நிறுவனம் தானே உருவாக்கிய பதிவேடு அடுத்து, வாய்மொழி விளக்கம் கடைசி. இந்தியாவில் தணிக்கைச் சான்றுக்கான தரநிலை எஸ்.ஏ. 500. அது இந்த வரிசையோடு இன்னும் சில விதிகளையும் சேர்த்துச் சொல்கிறது. தணிக்கையாளர் நேரடியாகப் பெற்றது, பிறர் வழியாகப் பெற்றதைவிட மேல். அசல், நகலைவிட மேல். எழுத்தில் இருப்பது, பேச்சைவிட மேல். உள் கட்டுப்பாடுகள் ஒழுங்காக இயங்கும் நிறுவனத்தின் பதிவேடு, அவை இல்லாத நிறுவனத்தின் பதிவேட்டைவிட மேல்.

இந்த வரிசையை மனப்பாடம் செய்து தேர்வு எழுதிவிடலாம். தணிக்கைக்குப் போனால் அது மட்டும் போதாது, ஏனென்றால் விதிவிலக்குகள் உண்டு என்று அதே தரநிலை சேர்த்தே சொல்கிறது. ஆவணத்தின் தலைப்பைப் பார்த்து அதன் தரத்தை முடிவு செய்யாதீர்கள். இதை எழுதியவர் யார், அவருக்கு இந்தத் தொகை கூடுவதிலோ குறைவதிலோ லாபம் உண்டா, எழுதியவர் கையிலிருந்து நம் கைக்கு வரும்வரை இடையில் யார் கை பட்டது என்ற மூன்றையும் ஒவ்வொரு தாளுக்கும் கேட்க வேண்டும். கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் இந்தக் கேள்விகளைச் சுற்றியே இருக்கும்.

வங்கியின் லெட்டர்ஹெட்டில், முத்திரையோடு, இருப்புத் தொகை குறிப்பிட்டுக் கடிதம் இருக்கிறது. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

அந்தக் கடிதம் உங்களிடம் எப்படி வந்தது என்பது தெரிய வேண்டும். வங்கியிலிருந்து உங்கள் அலுவலக முகவரிக்கு நேராக வந்திருந்தால் அது வெளிச் சான்று. நிறுவனத்தின் கணக்குப் பிரிவு கோப்பிலிருந்து எடுத்துக் கொடுத்திருந்தால், லெட்டர்ஹெட்டில் எந்த வங்கியின் பெயர் இருந்தாலும், அது நிறுவனம் கையளித்த தாள்தான்.

இதற்கு நம் நாட்டில் மென்பொருள் நிறுவனமான சத்யத்தில் நடந்த விவகாரத்தைவிடத் தெளிவான பாடம் இல்லை. 2009 ஜனவரி 7 அன்று அந்த நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு இயக்குநர் குழுவுக்கு எழுதிய கடிதத்தில், 2008 செப்டம்பர் 30 அன்று கணக்கில் காட்டிய ரொக்கம் மற்றும் வங்கி இருப்பு 5,361 கோடி ரூபாய், அதில் 5,040 கோடி இல்லாத பணம் என்று ஒப்புக்கொண்டார். இல்லாத பணத்துக்கு வட்டி வரவேண்டியிருப்பதாகவும் 376 கோடி காட்டப்பட்டிருந்தது. பெரிய தணிக்கை நிறுவனம், பெயர்பெற்ற வங்கிகள், கோப்பு நிறைய ஆவணங்கள் எல்லாம் இருந்தன.

இருப்பை உறுதிப்படுத்தும் கடிதங்களை அனுப்புவதையும் பதில்களைப் பெறுவதையும் தணிக்கையாளர்கள் நிறுவன நிர்வாகத்தின் கையிலேயே முழுவதுமாக விட்டுவிட்டார்கள் என்பதே, அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் 2011 ஏப்ரலில் பிறப்பித்த உத்தரவில் கண்ட முக்கியக் குறை. சான்றின் வகை மிக உயர்ந்ததுதான், ஆனால் அது வந்த வழி அதன் மதிப்பை முழுவதும் தின்றுவிட்டது. வங்கிக்கு நேராக ஒரு கடிதம் அனுப்பி, பதிலை நேராக வாங்கியிருந்தால் போதும் என்று நினைக்கும்போது இன்றும் எனக்கு மனம் கனக்கிறது. அந்த நிறுவனத்தின் கணக்கை நம்பி முதலீடு செய்தவர்கள் எத்தனை பேர்!

இது இந்தியாவுக்கு மட்டும் உரியதும் அல்ல. 2003 டிசம்பரில் இத்தாலியின் பர்மலாத் நிறுவனத்தில், கேமன் தீவுகளில் இருந்த துணை நிறுவனத்தின் பெயரில் சுமார் 395 கோடி யூரோ இருப்பதாகக் காட்டிய வங்கிக் கடிதம் போலி என்று தெரியவந்தது. 2020 ஜூனில் ஜெர்மனியின் வயர்கார்டு நிறுவனம் காட்டிய 190 கோடி யூரோவும் அப்படித்தான். பணம் இருப்பதாகச் சொல்லப்பட்ட பிலிப்பைன்ஸ் வங்கிகள் இரண்டும், அந்த ஆவணங்கள் போலி என்றும் அந்த நிறுவனம் தங்கள் வாடிக்கையாளரே அல்ல என்றும் அறிவித்தன.

அப்படியானால் உறுதிப்படுத்தல் கடிதத்தை எப்படி அனுப்ப வேண்டும்?

வெளியாரிடம் உறுதிப்படுத்தல் பெறுவதற்கான தரநிலை எஸ்.ஏ. 505 கேட்பது, முழு நடைமுறையும் தணிக்கையாளரின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்பதை. யாருக்கு அனுப்புவது என்பதை நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். கடிதம் நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் இருக்கலாம், அவர்கள் கையெழுத்தும் வேண்டும், ஏனென்றால் வங்கியோ வாடிக்கையாளரோ அவர்களின் அனுமதி இல்லாமல் நமக்குத் தகவல் தரமாட்டார்கள். ஆனால் கையெழுத்தானதும் கடிதம் நம்மிடம் வந்துவிட வேண்டும். தபாலில் சேர்ப்பதும் மின்னஞ்சலில் அனுப்புவதும் நம் வேலை. பதில் வர வேண்டிய முகவரியும் நம் அலுவலகமே.

பலர் தவறவிடும் இடம் முகவரிச் சரிபார்ப்பு. வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல் பட்டியலை நிறுவனத்திடம் வாங்கி அப்படியே அனுப்பினால், தவறு செய்ய நினைப்பவருக்கு ஒரு பொய் முகவரியைப் பட்டியலில் சேர்ப்பது மட்டுமே வேலை. ஜி.எஸ்.டி. தளத்தில் பதிவு எண்ணைப் போட்டால் பதிவுபெற்ற முகவரி தெரியும். மின்னஞ்சல் முகவரியை அந்த வாடிக்கையாளரின் இணையதளத்தோடு ஒப்பிடலாம். பெரிய நிறுவனம் ஒன்று இலவச மின்னஞ்சலிலிருந்து பதில் அனுப்பியிருந்தால், நாமே தேடி எடுத்த தொலைபேசி எண்ணில் கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.

தொகையை நாமே எழுதி ‘இது சரியா?’ என்று கேட்பதற்கும், தொகையை எழுதாமல் ‘உங்கள் கணக்குப்படி எவ்வளவு?’ என்று கேட்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. முதல் வகையில், எதிர்ப்பக்கத்தில் இருக்கும் எழுத்தர் புத்தகத்தைத் திறக்காமலே ‘சரி’ என்று கையெழுத்துப் போடக்கூடும். இரண்டாவது வகையில் அவர் புத்தகத்தைத் திறந்தே ஆக வேண்டும். பதில்கள் குறைவாக வரும் என்றாலும், ஆபத்து கூடுதலாகத் தெரியும் கணக்குகளுக்கு நான் இரண்டாவதையே விரும்புவேன்.

இ-இன்வாய்ஸ், இ-வே பில், ஜி.எஸ்.டி. விவர அறிக்கை எல்லாம் அரசுத் தளத்தில் இருக்கின்றன. அவை உயர்ந்த வெளி ஆவணங்கள்தானே?

அரசுத் தளத்தில் இருப்பதாலேயே ஒரு தகவல் அரசு சொன்ன தகவல் ஆகிவிடாது. விற்பனையாளர் தாக்கல் செய்த இன்வாய்ஸைத் தளம் பதிவு செய்து எண் கொடுக்கிறது. சரக்கு உண்மையில் போனதா என்பதைத் தளம் பார்ப்பதில்லை. சரக்கை ஏற்றிச் செல்ல எடுக்கும் இ-வே பில்லும் அப்படியே. ஆக, நிறுவனமே உள்ளிட்ட விவரம் அரசுத் தளத்தில் ஏறியிருந்தாலும் மூலத்தில் அது உள் ஆவணம்தான்.

ஆனால் அதற்கென்று ஒரு தனி மதிப்பு இருக்கிறது. ஏறிய நேரம் தளத்தில் பதிந்துவிடுகிறது, பிறகு நிறுவனத்தால் அதை விருப்பப்படி மாற்ற முடியாது. நிறுவனத்தின் கணக்குமென்பொருளில் ஒரு இன்வாய்ஸின் தேதியை மாற்ற முயலலாம், தளத்தில் முடியாது. அதனால் ‘நடந்ததா’ என்பதைவிட ‘எப்போது நடந்ததாகச் சொன்னார்கள்’ என்பதற்கு இது நல்ல சான்று.

உண்மையான வெளிச் சான்று வேண்டுமென்றால், எதிர்த்தரப்பு தாக்கல் செய்த விவரத்தைத் தேடுங்கள். வாங்குபவர் வருமான வரிப் பிடித்தம் செய்திருந்தால், அவர் தாக்கல் செய்த தொகை விற்பவரின் படிவம் 26ஏ.எஸ்.-இல் தெரியும். அதை விற்பவரால் தொடவே முடியாது. அடுத்த பதிலில் இதன் பயனைப் பாருங்கள்.

வெளி ஆவணம் ஒன்று சொல்கிறது, பதிவேடு ஒன்று சொல்கிறது, முதலாளி இன்னொன்று சொல்கிறார். இப்படி வந்தால் எப்படி முடிவெடுப்பது?

மூன்றையும் கூட்டி வகுத்து நடுவில் ஒரு தொகைக்கு வரக் கூடாது. முரண்பாடு என்பதே புதிய வேலைக்கான அறிவிப்பு. முரண்பாடு தீரும்வரை நடைமுறைகளை மாற்றவோ கூட்டவோ வேண்டும் என்பது தரநிலையின் கட்டளை. விளக்கத்துக்காக அமைத்த ஒரு கணக்கை முழுதாகப் பார்ப்போம்.

திண்டுக்கல் பக்கம் ஒரு நூற்பாலை. திருப்பூரில் உள்ள பின்னலாடை நிறுவனம் ஒன்றுக்கு 2024-25 நிதியாண்டில் ஜி.எஸ்.டி. நீங்கலாக 3 கோடியே 20 லட்சம் ரூபாய்க்கு நூல் விற்றதாக ஆலையின் கணக்கு சொல்கிறது. 2025 மார்ச் 31 அன்று வரவேண்டிய பாக்கி 84 லட்சம். இதில் மார்ச் 31 தேதியிட்ட மூன்று இன்வாய்ஸ்கள் மட்டும் 50 லட்சம், 5 சதவீத வரியோடு 52 லட்சத்து 50 ஆயிரம். கிலோ 250 ரூபாய் வீதம் 20,000 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டைகள் 400.

ஆண்டின் கடைசி நாளில் இவ்வளவு பெரிய விற்பனை ஏன் என்று கேட்டால், ‘சரக்கு அன்றைக்கே போய்விட்டது, இருபது வருடப் பழக்கமான பார்ட்டி, பணம் வந்துவிடும்’ என்கிறார் நிர்வாக இயக்குநர். இன்வாய்ஸும் லெட்ஜரும் அவர் சொல்வதோடு ஒத்துப்போகின்றன. ஒத்துப்போவதில் வியப்பில்லை, இன்வாய்ஸ் போடச் சொன்னவரும் அவர்தான். ஒரே ஊற்றிலிருந்து வந்த இரண்டு சான்றுகளை இரண்டு என்று எண்ணக் கூடாது.

திருப்பூர் நிறுவனத்துக்கு நாம் நேராக அனுப்பிய கடிதத்துக்குப் பதில் வருகிறது: அவர்கள் புத்தகப்படி மார்ச் 31 அன்று தரவேண்டியது 31 லட்சத்து 50 ஆயிரம். வித்தியாசம் மிகச் சரியாக 52 லட்சத்து 50 ஆயிரம். ‘சரக்கு வழியில் இருந்திருக்கும், ஏப்ரலில்தான் அவர்கள் வரவு வைத்திருப்பார்கள்’ என்று உடனே புது விளக்கம் வருகிறது. முந்தைய விளக்கமும் இதுவும் நேரடியாக மோதவில்லை, எனவே இதையும் சோதிக்க வேண்டும். திண்டுக்கல்லிலிருந்து திருப்பூர் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். காலையில் கிளம்பும் லாரி அன்றே சேர்ந்துவிடும். ஒரு நாள் தாமதம் என்றால் ஏற்கலாம்.

அடுத்து இ-வே பில். ஆலை கொடுத்த அச்சுப் பிரதியை ஒதுக்கிவிட்டு, நம் கண்முன் தளத்தைத் திறந்து பார்க்கச் சொல்கிறோம். சரக்கு விவரங்கள் அடங்கிய முதல் பகுதி மார்ச் 31 இரவில் ஏறியிருக்கிறது. வாகன எண் சேர்க்கும் இரண்டாம் பகுதி ஏப்ரல் 3, 4 தேதிகளில்தான் நிரப்பப்பட்டிருக்கிறது. இரண்டாம் பகுதி இல்லாமல் சரக்கை ஏற்றிச் செல்ல அந்த பில் செல்லாது, செல்லுபடிக் காலமும் அதிலிருந்துதான் தொடங்கும். லாரி ரசீதுகளிலும் அதே ஏப்ரல் தேதிகள். வாயிற்காவலர் எழுதும் வெளியேற்றப் பதிவேட்டிலும் மார்ச் 31 அன்று இந்த மூட்டைகள் வெளியே போகவில்லை.

26ஏ.எஸ். என்ன சொல்கிறது? அந்த நிதியாண்டுக்குப் பொருந்திய வருமான வரிச் சட்டத்தின் பிரிவு 194-கியூவின்படி, முந்தைய ஆண்டில் 10 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள வாங்குபவர், ஒரே விற்பனையாளரிடம் வாங்கியதில் 50 லட்சத்துக்கு மேற்பட்ட தொகைக்கு 0.1 சதவீதம் பிடிக்க வேண்டும். ஆலையின் கணக்கு சரியானால், 2 கோடியே 70 லட்சத்துக்கு 27,000 ரூபாய் பிடித்திருக்க வேண்டும். படிவத்தில் இருப்பது 22,000. அதைப் பின்னோக்கிக் கணக்கிட்டால் 2 கோடியே 20 லட்சம், அதனோடு 50 லட்சம் சேர்த்தால் வாங்குபவர் தன் கணக்கில் வைத்த கொள்முதல் 2 கோடியே 70 லட்சம். இங்கேயும் அதே 50 லட்சம் குறைகிறது. நாம் கேட்காமலே, தணிக்கை தொடங்குவதற்கு முன்பே, வேறொருவர் வேறொரு காரணத்துக்காகத் தாக்கல் செய்த விவரம் இது. இந்தக் கோப்பில் எனக்கு மிகப் பிடித்த சான்று இதுதான்.

ஆலைக்கு இன்னும் ஒரு வாதம் மிச்சம் இருக்கிறது. வாங்குபவரே சரக்கை ஆலையிலேயே எடுத்துவைக்கச் சொன்னார், உரிமை மார்ச் 31 அன்றே அவருக்குப் போய்விட்டது என்று சொல்லலாம். கணக்கியல் விதிகள் சில நிபந்தனைகளோடு அதை அனுமதிக்கின்றன. அப்படியானால் வாங்குபவர் எழுத்தில் கேட்ட வேண்டுகோள் எங்கே? அவர் அதைத் தன் சரக்காகக் கணக்கில் வைத்தாரா? இரண்டும் இல்லை. ஆக 50 லட்சம் விற்பனை அடுத்த ஆண்டுக்குப் போக வேண்டும், பாக்கி 31 லட்சத்து 50 ஆயிரமாகக் குறைய வேண்டும். நூலின் அடக்கம் 43 லட்சம் என்றால் அது சரக்கிருப்பில் சேரும், லாபம் 7 லட்சம் குறையும். இன்வாய்ஸ் போட்டுவிட்டதால் ஜி.எஸ்.டி. பொறுப்பு மார்ச் மாதத்திலேயே விழும், அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

நிர்வாகம் சொல்வதற்கு அப்படியானால் மதிப்பே இல்லையா? அவர்களைக் கேட்காமல் தணிக்கை செய்ய முடியாதே?

கேட்காமல் தணிக்கை இல்லை. மேலே சொன்ன கணக்கிலேயே, ‘சரக்கு அன்றைக்கே போய்விட்டது’ என்று இயக்குநர் சொன்னதால்தான் நமக்குச் சோதிக்க ஒரு தெளிவான கூற்று கிடைத்தது. ‘வழியில் இருந்திருக்கும்’ என்றதால்தான் லாரி ரசீதைத் தேடினோம். வாய்மொழி விளக்கம் அடுத்து எங்கே போக வேண்டும் என்று காட்டுகிறது. விசாரணை மட்டுமே போதுமான சான்று ஆகாது என்பதுதான் தரநிலையின் நிலைப்பாடு, விசாரிக்காதே என்பது அல்ல.

கேட்கும் முறையில் நிறைய இருக்கிறது. ஒரே கேள்வியை இயக்குநரிடமும், கிடங்குப் பொறுப்பாளரிடமும், வாயிற்காவலரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். ‘மார்ச் கடைசியில் சரக்கு போனதா?’ என்று கேட்டால் ‘ஆமாம்’ என்ற பதில் எளிதில் வரும். ‘கடைசி வாரத்தில் எந்தெந்த லாரி வந்தது?’ என்று கேட்டால் அவர் நினைவுபடுத்திச் சொல்ல வேண்டியிருக்கும். யார், எந்தத் தேதியில், என்ன சொன்னார் என்பதை அன்றே எழுதிவைக்க வேண்டும். விளக்கம் பின்னால் மாறினால், மாறியதே ஒரு சான்று.

நிர்வாகத்தின் எண்ணம் சார்ந்த விஷயங்களில் மட்டும் வேறு வழி குறைவு. ஒரு நிலத்தை விற்கப்போகிறார்களா, வைத்திருக்கப் போகிறார்களா என்பது அவர்கள் மனதில் இருப்பது. அங்கேயும் இயக்குநர் குழுத் தீர்மானம் இருக்கிறதா, முன்பு சொன்ன திட்டங்களை நிறைவேற்றினார்களா, இதை நிறைவேற்றப் பண வசதி உண்டா என்று பார்த்து அந்தச் சொல்லுக்கு எடை கொடுக்கலாம்.

வாயால் சொன்னதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால்?

எழுத்தில் வந்ததால் வடிவம் மாறியது, மூலம் மாறவில்லை. எஸ்.ஏ. 580 நிர்வாகத்திடமிருந்து எழுத்துப்பூர்வ உறுதிமொழியைக் கட்டாயமாக வாங்கச் சொல்கிறது. அதே தரநிலை, அது தனியாகப் போதுமான சான்று ஆகாது என்றும் சொல்கிறது. பேசும்போது எளிதாகச் சொன்னவர்கள் கையெழுத்து என்றதும் தயங்குவதுண்டு, அந்தத் தயக்கம் நமக்குப் பயன்படும். ஆனால் 52 லட்சத்து 50 ஆயிரம் பாக்கி உண்மையானது என்று உறுதிமொழி வாங்கிவிட்டு லாரி ரசீதைப் பார்க்காமல் விடுவது தணிக்கை ஆகாது.

உள் பதிவேடு வெளி ஆவணத்தைவிட நம்பத்தக்கதாக இருக்கும் சந்தர்ப்பம் உண்டா?

உண்டு, நாம் நினைப்பதைவிட அடிக்கடி. மேலே உள்ள கணக்கில் வாயிற்காவலரின் பதிவேட்டைப் பாருங்கள். பேனாவால் எழுதிய, தேநீர்க் கறை படிந்த நோட்டு. எழுதியவருக்கு ஆண்டிறுதி லாபம் பற்றி அக்கறை இல்லை. ஒரு லாரிக்கு அடுத்து இன்னொன்று என்று வரிசையாக எழுதியிருப்பதால் நடுவில் ஒன்றைச் செருகவும் முடியாது. எடைமேடை இயந்திரம் தானாக அச்சிடும் சீட்டு, பஞ்சாலையின் உற்பத்திப் பதிவேடு, மின்சார மீட்டர் குறிப்பு எல்லாம் இப்படிப்பட்டவை. கணக்குப் பிரிவுக்கு வெளியே, விஷயம் சர்ச்சையாவதற்கு முன்பே எழுதப்பட்ட உள் பதிவேடுகளை நான் மிகவும் மதிக்கிறேன்.

மறுபக்கம், வெளி ஆவணம் என்ற பெயரில் வருவது உறவினர் நடத்தும் நிறுவனத்தின் உறுதிப்படுத்தல் கடிதமாக இருக்கலாம். கூடுதல் கடன் வரம்பு கேட்டு நிற்கும் வாடிக்கையாளர், விற்பவர் மனம் கோணாமல் எதையும் எழுதிக் கொடுக்கலாம். இவற்றை வெளி ஆவணம் என்று உச்சியில் வைக்க முடியாது.

கணக்கு மென்பொருளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல், இந்திய கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியோடு பதியும் வசதி இருக்க வேண்டும், அதை அணைத்துவைக்க முடியாதபடி இருக்க வேண்டும். அந்த வசதி ஆண்டு முழுதும் இயங்கியிருந்தால், மார்ச் 31 தேதியிட்ட பதிவு உண்மையில் எப்போது உள்ளிடப்பட்டது என்று பார்க்கலாம். உள் பதிவேட்டின் தரத்தை உயர்த்தும் கட்டுப்பாடு என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. சில மாதங்கள் அது அணைந்திருந்தால், அந்த மாதங்களின் பதிவுகளுக்கு அதே மதிப்பைத் தர முடியாது.

வங்கி அறிக்கையை பி.டி.எஃப். ஆக வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். ஏற்கலாமா?

வேலையைத் தொடங்கப் பயன்படுத்தலாம், அதோடு நிறுத்தக் கூடாது. பி.டி.எஃப். கோப்பில் ஒரு எண்ணை மாற்றுவதற்குப் பெரிய திறமை தேவையில்லை. நிறுவன ஊழியர் நம் முன்னால் இணைய வங்கியில் நுழைந்து, நாம் கேட்கும் தேதிகளுக்கு அறிக்கையை இறக்கித் தரலாம். முகவரிப் பட்டையில் வங்கியின் சரியான முகவரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அந்தக் கோப்பை அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். ஆண்டிறுதி இருப்புக்கு இதுவும் போதாது, வங்கியின் நேரடிக் கடிதம் வேண்டும்.

கையில் வரும் ஒவ்வொரு தாளையும் போலி என்று சந்தேகிக்க வேண்டுமா என்று சிலர் கேட்கிறார்கள். தேவையில்லை. மாறாக நினைக்கக் காரணம் இல்லாதபோது ஆவணங்களை உண்மையானவை என்று ஏற்கலாம் என்கிறது எஸ்.ஏ. 240. காரணம் தென்பட்ட பிறகு கண்ணை மூடிக்கொள்வதுதான் குற்றம். ஒரே அறிக்கையில் எழுத்துரு மாறுவது, வரிக்கு வரி இருப்பு கூட்டிக் கழித்தால் ஒத்துவராதது, எல்லா மாதமும் வட்டி முழு ரூபாயில் வருவது ஆகியவை அப்படிப்பட்ட காரணங்கள்.

கடிதம் அனுப்பினோம், வாடிக்கையாளர் பதிலே போடவில்லை. பாக்கி சரி என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. பதில் வராதது எந்தச் சான்றும் அல்ல. மீண்டும் ஒருமுறை எழுதுங்கள், அதற்கும் பதில் இல்லையென்றால் மாற்று நடைமுறைக்குப் போங்கள். அதில் மிகச் சிறந்தது ஆண்டு முடிந்த பிறகு வந்த பணம். ஏப்ரல், மே மாதங்களில் அந்த வாடிக்கையாளரிடமிருந்து வந்த தொகையை வங்கி அறிக்கையில் பார்த்து, அது எந்த இன்வாய்ஸுக்கு வந்தது என்று பொருத்த வேண்டும். பணம் வேறொருவர் கணக்கிலிருந்து வந்திருந்தால் நின்று கேளுங்கள். பணம் வராத இன்வாய்ஸ்களுக்கு, வாங்கியவர் கையெழுத்திட்ட டெலிவரி சலானும் லாரி ரசீதும் வேண்டும்.

பாக்கியை வாடிக்கையாளர் ஒப்புக்கொண்டு நேராக எழுதிவிட்டார். இனி அந்தக் கணக்கில் வேலை முடிந்ததுதானே?

கடன் இருக்கிறது என்பதற்கு நல்ல சான்று கிடைத்துவிட்டது. அது வசூலாகுமா என்பதற்கு இன்னும் ஒன்றுமே கிடைக்கவில்லை. திவால் நிலையில் இருப்பவரும் ‘ஆம், தரவேண்டும்’ என்று மனமார எழுதிக் கொடுப்பார். வசூலைப் பற்றி அறிய பாக்கியின் வயது, முந்தைய ஆண்டுகளில் பணம் வந்த வேகம், ஆண்டிறுதிக்குப் பின் வந்த வரவு ஆகியவை தேவை. இவற்றில் பல உள் பதிவேடுகளிலிருந்தே வருகின்றன. ஆகவே ஒரு சான்றின் தரத்தைச் சொல்லும்போது எந்தக் கேள்விக்கு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

‘அந்தப் பார்ட்டிக்கு மட்டும் கடிதம் அனுப்பாதீர்கள், உறவு கெட்டுவிடும்’ என்கிறார் நிர்வாக இயக்குநர். என்ன செய்வது?

காரணத்தைக் கேளுங்கள், அந்தக் காரணத்துக்குச் சான்றும் கேளுங்கள். வாடிக்கையாளரோடு வழக்கு நடக்கிறது என்றால் வக்கீல் நோட்டீஸ் இருக்கும். நியாயமான காரணமாக இருந்தால் மாற்று நடைமுறைகளால் ஈடுகட்டலாம். நியாயமில்லை என்றாலோ, மாற்று வழியிலும் நம்பத்தக்க சான்று கிடைக்கவில்லை என்றாலோ, நிறுவனத்தின் ஆளுகைப் பொறுப்பில் உள்ளவர்களிடம் சொல்ல வேண்டும், தணிக்கை அறிக்கையில் அதன் விளைவையும் தீர்மானிக்க வேண்டும். எதை அனுப்ப வேண்டாம் என்கிறார்களோ அந்தக் கணக்கின் ஆபத்து மதிப்பீட்டை அன்றே உயர்த்திவிடுங்கள்.

இலங்கையிலும் இதே வரிசைதானா?

அடிப்படையில் அதேதான். இந்தியத் தரநிலையும் இலங்கைத் தரநிலையும் சர்வதேசத் தணிக்கைத் தரநிலை 500-ஐ ஒட்டி அமைந்தவை. வரிப் படிவங்களும் அரசுத் தளங்களும் வேறு என்பதால், எதிர்த்தரப்பு தாக்கல் செய்த விவரத்தை எங்கே தேடுவது என்பது மாறும்.

பணித்தாளில் இதையெல்லாம் எப்படி எழுதுவது? ‘சரிபார்க்கப்பட்டது’ என்று டிக் போட்டால் போதாதா?

போதாது. நமக்குச் சம்பந்தமில்லாத, ஆனால் அனுபவமுள்ள இன்னொரு தணிக்கையாளர் படித்தால் என்ன செய்தோம், என்ன கிடைத்தது, ஏன் இந்த முடிவு என்று புரிய வேண்டும். நூற்பாலைக் கணக்குக்கு நான் எழுதச் சொல்வது இப்படி இருக்கும்: ‘வாடிக்கையாளரின் உறுதிப்படுத்தல் எங்கள் அலுவலக மின்னஞ்சலுக்கு நேரடியாக வந்தது, அனுப்பியவரின் முகவரி அவர்களது இணையதளத்தோடு ஒப்பிடப்பட்டது. தொகை 31,50,000. புத்தகத்தில் 84,00,000. வித்தியாசம் 52,50,000, மார்ச் 31 தேதியிட்ட மூன்று இன்வாய்ஸ்கள். நிர்வாக இயக்குநரின் விளக்கம்: சரக்கு அன்றே அனுப்பப்பட்டது, பிறகு: வழியில் இருந்திருக்கலாம். இ-வே பில்லின் வாகன விவரம் ஏப்ரல் 3, 4, தளத்தில் எங்கள் முன்னிலையில் பார்க்கப்பட்டது. லாரி ரசீதுகளின் அசல் பார்க்கப்பட்டது, அதே தேதிகள். வாயிற்பதிவேட்டில் மார்ச் 31 அன்று வெளியேற்றம் இல்லை. 26ஏ.எஸ்.-இன்படி வாங்குபவரின் கொள்முதல் 2,70,00,000. விளக்கம் ஏற்கப்படவில்லை. திருத்தம் கோரப்பட்டது.’ இதோடு ஒவ்வொரு ஆவணத்தையும் பார்த்தவர் பெயரும் பார்த்த தேதியும் சேர வேண்டும்.